கோலுக்கு முதல் நாலு கேள்வி

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, 155 பஸ்ஸில் கம்பஸுக்குப் போய்க்கொண்டிருந்தபோது எங்களில் ஒருத்தியின் வட்ஸ்அப்புக்கு ஒரு செய்தி வந்தது. ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: “ஹாய் டியர், உங்கள் சீவியைப் பார்த்தோம். கொழும்பில் முன்னணி நிறுவனம் ஒன்றில் உங்களுக்குப் பொருத்தமான வேலை இருக்கிறது. கவர்ச்சிகரமான சம்பளம். முன் அனுபவம் தேவையில்லை. இன்று எத்தனை மணிக்கு கோல் எடுக்கலாம்?”

நாங்கள் மூன்று பேர். மூன்று பேரும் முகத்துவாரம், மூன்று பேரும் கலைப்பீடம், மூன்றாம் வருஷம். வேலை என்ற சொல்லைக் கண்டாலே நெஞ்சு ஒருக்கால் துள்ளும் வயசு. ஆனால் பஸ் ஆமர் வீதி தாண்டுவதற்குள் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. நிறுவனத்துக்குப் பெயரில்லை. வேலைக்குப் பெயரில்லை. சம்பளம் கவர்ச்சிகரம், ஆனால் இலக்கம் இல்லை. அனுப்பினவர் தன் பெயரைக்கூடப் போடவில்லை. முழுச் செய்தியிலும் தெளிவாக இருந்தது ஒன்றே ஒன்று: எத்தனை மணிக்கு கோல் எடுக்கலாம்.

போன வருஷமாக இருந்தால் “நாலு மணிக்கு ஃப்ரீ” என்று அப்போதே போட்டிருப்போம். அப்படித்தான் போட்டோம். அந்தக் கதையையும் சொல்லவேண்டும்.

போன வருஷம் இதே மாதிரி ஒரு செய்திக்கு எங்களில் இன்னொருத்தி சம்மதம் சொன்னாள். கோல் வந்தது. நல்ல கனிவான குரல். “கங்கிராஜுலேஷன்ஸ், நீங்க ஷோர்ட்லிஸ்ட் ஆகிட்டீங்க.” எதற்கு என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. மற்றப்பக்கம் ஆங்கிலம் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் ஆங்கிலம் ட்யூட் எழுதுமளவுக்கு இருக்கிறது, போனில் ஒருவரை இடைமறிக்குமளவுக்கு இல்லை. இதை ஒத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இடைமறிக்கத் தெரியாத ஆள் போனில் ‘யெஸ்’, ‘ஓகே’ இரண்டையும்தான் சொல்லிக்கொண்டிருப்பார். இருபது நிமிஷத்தில் அவள் பதினைந்து ஓகே சொல்லியிருந்தாள். கடைசி ஓகே, சனிக்கிழமை காலை வெள்ளவத்தையில் ஒரு மாடிக்கட்டடத்துக்கு ‘இன்டர்வியூ’வுக்குப் போவதற்கு.

துணைக்கு நாங்களும் போனோம். மேல்மாடியில் பிளாஸ்டிக் கதிரைகளில் இருபது, இருபத்தைந்து பேர். எல்லோரும் எங்கள் வயசு. ப்ரொஜெக்டரில் கார், வெளிநாட்டுப் பயணம், கடற்கரை. இரண்டு மணித்தியாலம் ஒருவரும் வேலையைப் பற்றிக் கதைக்கவில்லை. பிறகு தெரிந்தது: 6,500 ரூபாய் கட்டி ஒரு பொருட்பொதி வாங்கவேண்டும், பிறகு இரண்டு பேரைக் கூட்டிவரவேண்டும், அவர்கள் இரண்டு இரண்டு பேரைக் கூட்டிவரவேண்டும். சம்பளம் என்று ஒன்று கிடையாது. அவள் கட்டினாள். அவளுடைய அம்மா சீட்டில் எடுத்து வைத்திருந்த காசு. அந்தக் காசு திரும்பி வரவில்லை.

அவள் காசு போனதைவிட வேறொன்றை நினைத்துத்தான் பிறகு பயந்தாள். ஆள் சேர்ப்பதிலேயே காசு புரளும் பிரமிட் திட்டங்கள் வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவின் கீழ் இலங்கையில் தடை. நடத்துகிறவருக்கு மட்டுமல்ல, அதை விளம்பரப்படுத்தி ஊக்குவிக்கிறவருக்கும் அந்தத் தடை பொருந்தும். அந்த ரெண்டு பேரை அவள் கூட்டிக்கொண்டு போயிருந்தால்? அந்த ரெண்டு பேர் யார்? நாங்கள்தானே.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு கனநாள் இதைப் பற்றித்தான் கதைத்தோம். எங்கே பிழைத்தது? வெள்ளவத்தைக்குப் போனது பிழையில்லை. அதற்கு முதலே பிழைத்துவிட்டது. கோலில் சொன்ன எதுவும் எழுத்தில் இல்லை. ‘ஆபீஸ் வேலை’ என்று அந்தக் குரல் சொன்னது எங்களுக்கு நல்ல ஞாபகம், காட்டுவதற்கு ஒன்றுமில்லை. எழுத்தில் கேட்டிருந்தால் அவர்களும் எழுத்தில் பதில் சொல்லவேண்டி வந்திருக்கும், அல்லது சொல்லாமல் விட்டிருப்பார்கள். ரெண்டில் எது நடந்தாலும் சனிக்கிழமை மிச்சம். எங்களுக்கும் டிக்‌ஷனரி பார்த்து, மூன்று தலை சேர்ந்து, ஒரு வசனத்தை நிதானமாக எழுத நேரம் கிடைத்திருக்கும்.

ஆகவே இந்தமுறை, பஸ்ஸில் இருந்தபடியே, பதில் எழுதத் தொடங்கினோம்.

முதல் வரைவு நீளமோ நீளம். பதினொரு கேள்வி. லீவு எத்தனை நாள், ஓவர்டைம் உண்டா, எத்தனை மாதம் ப்ரொபேஷன் என்று எல்லாம் இருந்தது. வாசித்தபோது பொலிஸில் வாக்குமூலம் எடுக்கிற மாதிரி இருந்தது. நேர்மையான ஆள் ஒருவர் இதைப் பார்த்தால் ‘இந்தப் பிள்ளையோடு வேலை செய்யக் கஷ்டம்’ என்று நினைப்பார், ஏமாற்றுக்காரர் கவனிக்கவே மாட்டார். அதனால் ஒரு அளவுகோல் வைத்தோம். இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் கோல் எடுத்தால் எங்கள் நேரம் வீணாகுமா? ஆகும் என்றால் வைக்கலாம். லீவும் ப்ரொபேஷனும் நேர்முகத்தில் கேட்கலாம். கடைசியில் நாலு மிஞ்சியது. அனுப்பினது இதுதான்:

“வணக்கம், தொடர்புகொண்டதற்கு நன்றி. வேலை பற்றி அறிய விருப்பம். கதைப்பதற்கு முன் நாலு விடயங்களை இங்கே எழுதி அனுப்ப முடியுமா? ஒன்று, நீங்கள் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவரா, அதற்கு ஆள் தேடும் முகவரா? நிறுவனத்தின் பெயர் என்ன? இப்போது சொல்ல முடியாதென்றால் என்ன துறை, எந்தக் கட்டத்தில் சொல்வீர்கள்? இரண்டு, பதவியின் பெயர், அன்றாட வேலை, வேலை செய்யும் இடம். மூன்று, மாத நிலையான சம்பளம் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை? கொமிஷன் இருந்தால் அதைத் தனியாகச் சொல்லவும். ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். உண்டா? நான்கு, எந்தக் கட்டத்திலாவது நான் காசு கட்டவேண்டி வருமா? இவை தெரிந்தால் நாளை பின்னேரம் கதைக்கலாம்.”

மூன்றாவது கேள்வியில் ஈ.பி.எஃப். ஏன் வந்தது என்று சிலர் கேட்டார்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுவார்கள், முதலாளி தன் பங்காக 12 வீதம் போடவேண்டும். அதற்கு மேலாக நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், அதுவும் முதலாளியின் கையால். இருபத்தியொரு வயசில் ஒருவருக்கும் அறுபது வயசுக் காசில் அக்கறை இல்லை. அது எங்களுக்குத் தெரியும். இந்தக் கேள்வியைப் போட்டது, எதிரில் இருப்பது வேலையா, வேலை மாதிரி ஒன்றா என்று அறிய. ‘ஈ.பி.எஃப். இல்லை, நீங்கள் சுயாதீனமாக இயங்குவீர்கள்’ என்று பதில் வந்தால் நீங்கள் ஊழியர் இல்லை, விற்றால் மட்டும் காசு பெறுகிற ஆள். அப்படி வேலை செய்வது குற்றமில்லை, எத்தனையோ பேர் செய்கிறார்கள். அதை ஆபீஸ் வேலை என்று சொல்லிக் கூப்பிடுவதுதான் பிரச்சினை.

‘75,000 வரை உழைக்கலாம்’ என்பதிலும் ‘வரை’யைத்தான் பார்க்கவேண்டும். அடிப்படைச் சம்பளம் 30,000, மிச்சம் இலக்கை அடைந்தால் மட்டும் என்றால் கையில் நிச்சயமாக வருவது 30,000-தான், அதிலும் 8 வீதம் போய் 27,600. 2026 ஜனவரியிலிருந்து இலங்கையில் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளமே 30,000 ரூபாய். கவர்ச்சிகரம் என்ற சொல்லுக்குள் சட்டம் கட்டாயப்படுத்துகிற தொகை மட்டும் இருந்துவிடலாம்.

செய்திக்குப் பதில் ஏழு நிமிஷத்தில் வந்தது. “எல்லாம் கோலில் விளக்குகிறோம் டியர்.” உடனேயே ஒரு கோல். எடுக்கவில்லை. இன்னொரு கோல். பிறகு, “நாங்கள் சீரியஸான ஆட்களை மட்டும்தான் பார்க்கிறோம்.” இந்த வசனம் நெஞ்சில் குத்தும், குத்துவதற்காகவே எழுதப்பட்டது. நாங்கள் ஒன்றும் விவாதிக்கவில்லை. “புரிகிறது. அந்த நாலு விடயங்களையும் அனுப்பினால் கட்டாயம் கதைக்கலாம்” என்று இன்னொருமுறை போட்டோம். நீல டிக் விழுந்தது. அதோடு சரி.

‘திமிராகப் பதில் போட்டு நல்ல வேலை ஒன்றைக் கெடுத்துவிட்டோமோ’ என்று அன்றைக்கு ராத்திரி எங்களில் ஒருத்தி நித்திரை கொள்ளவில்லை. அவளுக்கு வீட்டில் வேலை அவசரம், அப்பாவுக்கு முந்திய மாதிரி துறைமுகத்தில் நாட்கூலி கிடைப்பதில்லை. அந்தப் பயத்தைச் சும்மா பகிடி பண்ணித் தள்ளிவிட முடியாது. நேர்மையான ஆட்களும் சில விஷயங்களை மறைக்கத்தான் செய்கிறார்கள் என்பது உண்மை.

அதை நாங்கள் அறிந்தது இரண்டு கிழமை கழித்து, லிங்க்ட்இன்னில் வந்த இன்னொரு செய்தியால். அதிலும் கொம்பனிப் பெயர் இல்லை, சம்பளம் இல்லை. முதல் செய்தியைப் போலவே வெறுமை. அதே நாலு கேள்வியை அனுப்பினோம். அன்று பின்னேரமே ஒரு பெண் எழுதினார். தான் ஆள் தேடும் முகவர் நிறுவனம் ஒன்றில் வேலை செய்வதாகச் சொல்லி அதன் பெயர், தன் பெயர், ஆபீஸ் லேண்ட்லைன் மூன்றையும் போட்டிருந்தார். வேலை, ஏற்றுமதி இறக்குமதிப் பத்திரங்களைத் தயாரிக்கும் உதவியாளர். இடம் பேலியகொடை. மாதம் 55,000 இலிருந்து 65,000 வரை, அதில் அடிப்படை 45,000. ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். உண்டு. காசு எதுவும் கட்டத் தேவையில்லை, எங்களுக்குக் கொம்பனிதான் தரும். வாடிக்கையாளரின் பெயரை இப்போது சொல்ல முடியாது, நேர்முகத்துக்குத் தெரிவானால் முதல் நாள் சொல்லுவோம்.

ஏன் சொல்ல முடியாது என்று கோலில் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார். பெயரைச் சொன்னால் சிலர் முகவரை விட்டுவிட்டு நேராகக் கொம்பனிக்கு சீவி அனுப்புவார்கள், அவருக்குக் கிடைக்கவேண்டிய கூலி போய்விடும். சிலவேளை அந்தப் பதவியில் இருக்கிற ஆளுக்கே தான் மாற்றப்படப்போவது தெரியாது, பெயர் வெளியே போனால் பிரச்சினை. இரண்டுமே நியாயமான காரணம். அதிலிருந்து எங்களுக்கு ஒரு வித்தியாசம் விளங்கியது. கொம்பனிப் பெயரைக் கொஞ்சநாள் மறைக்க ஒருவருக்குக் காரணம் இருக்கலாம். என்ன வேலை, எங்கே, எவ்வளவு, யார் காசு தருவது, தான் யார் என்பதை மறைக்க அந்தக் காரணங்கள் உதவாது. அதனால் இப்போது நாங்கள் பெயர் ஒன்று இல்லாததற்காக ஒருவரைத் தள்ளுவதில்லை. பெயரும் இல்லை, மிச்சம் மூன்றுக்கும் பதில் இல்லை என்றால்தான் விடுகிறோம்.

சம்பளத்தை மறைப்பது வேறு சங்கதி. அதில் பெரும்பாலும் பேரம்தான் இருக்கிறது. நீங்கள் முதலில் ஒரு தொகையைச் சொன்னால், அது அவர்கள் ஒதுக்கினதைவிடக் குறைவாக இருந்தால், மிச்சம் அவர்களுக்கு. ‘உங்கட எதிர்பார்ப்பு என்ன?’ என்று திருப்பிக் கேட்பது அதனால்தான். அந்தக் கேள்வி வந்தால் ‘இந்தப் பதவிக்கு ஒதுக்கியிருக்கிற தொகை தெரிந்தால், அதற்குள் எது பொருந்தும் என்று சொல்லலாம்’ என்று போடுகிறோம். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த சம்பள வெளிப்படைத்தன்மைப் பணிப்புரை, நேர்முகத்துக்கு முன்பே ஆரம்பச் சம்பளத்தையோ அதன் வீச்சையோ விண்ணப்பதாரிக்குச் சொல்லவேண்டும் என்கிறது. முந்திய சம்பளத்தைக் கேட்கவும் கூடாது. 2026 ஜூன் 7-க்குள் உறுப்பு நாடுகள் அதைத் தங்கள் சட்டத்தில் சேர்க்கவேண்டும் என்று அது கெடு வைத்தது. எங்கள் கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954-ஆம் ஆண்டினது. வேலைக்குச் சேருகிற நாளில் பதவி, சம்பளம் உள்ளிட்ட விபரங்களை எழுத்தில் தரவேண்டும் என்று அதில் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் அது சேருகிற நாளில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய நாட்களில் எங்களிடம் இருப்பது கேள்வி மட்டும்தான்.

நேர்முகத்துக்கு முதல் நாள் பின்னேரம் சொன்னபடி பெயர் வந்தது. கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் ஒரு பெயரைப் போட்டுத் தேடலாம், காசு தேவையில்லை. தேடினோம், இருந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை. அப்படி ஒரு கொம்பனி இருக்கிறது என்பதைத்தான் பதிவு காட்டும். உங்களுக்கு எழுதுகிறவர் அந்தக் கொம்பனிக்காரர்தான் என்று காட்டாது. பெரிய பெயர்களைச் சொல்லி ஏமாற்றுகிறவர்கள் இந்த இடைவெளிக்குள்தான் நுழைகிறார்கள். ஆகவே அவர் தந்த இலக்கத்துக்கு எடுக்காமல், கொம்பனியின் சொந்தத் தளத்தில் இருந்த லேண்ட்லைனுக்கு எடுத்து, நாளைக்கு இப்படி ஒரு நேர்முகம் இருக்கிறதா என்று கேட்டோம். ஓபரேட்டர் அக்கா ஒரு நிமிஷம் நிற்கச் சொல்லிவிட்டு வந்து, ‘ஓம், பத்து மணிக்கு’ என்றார். அந்த ஒரு நிமிஷம் எங்களுக்குக் கை வியர்த்தது. அடையாள அட்டைப் பிரதியையும் வங்கி இலக்கத்தையும் அதுவரைக்கும் ஒருவருக்கும் அனுப்பவில்லை. வங்கி இலக்கம் சம்பளம் போடுகிறவருக்குத் தேவை, நேர்முகத்துக்குக் கூப்பிடுகிறவருக்குத் தேவையில்லை.

இந்தக் கதையெல்லாம் எங்களில் ஒருத்தியின் பெரியம்மாவுக்கு முன்னால்தான் நடந்தது. அவர் மீன் கழுவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். 1994-இல் குவைத்துக்குப் போனவர். “எங்களுக்கும் ஒரு ஆள் வீட்டுக்கே வந்து சொன்னவன். நல்ல வீடு, ரெண்டே ரெண்டு பிள்ளையள் எண்டான். சம்பளம் எவ்வளவு தம்பி எண்டு கேட்டதுக்கு, போனாத் தெரியும்தானே அக்கா எண்டான். போனாத் தெரிஞ்சுது.” பிள்ளைகள் ஏழு. முதல் மூன்று மாதச் சம்பளம் வரவேயில்லை. வந்து சொன்னவன் ஏஜென்சிக்காரன்கூட இல்லை, ஏஜென்சிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற தரகன். பெரியம்மாவுக்கு இன்றுவரை அந்த ஏஜென்சியின் பெயர் தெரியாது.

“உங்களுக்கு போன்ல வருது, எங்களுக்கு வாசல்ல வந்தது” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

வெளிநாட்டு வேலை என்று வந்தால் எங்கள் நாலு கேள்வி போதாது. பெரியம்மா போன காலத்திலும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இருந்தது, 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அனுப்புகிற முகவருக்கு அதன் அனுமதிப்பத்திரம் இருக்கவேண்டும். அது மட்டும் போதாது, அந்தக் குறிப்பிட்ட வேலைக்கும் பணியகத்தின் அனுமதி வேணும். இரண்டு இலக்கத்தையும் எழுத்தில் கேட்டு, 1989-க்கு எடுத்து விசாரிக்கலாம். ‘விசிட் விசாவில் போங்கோ, அங்கே மாத்தலாம்’ என்று சொன்னால் அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை.

இது பணிப்பெண் வேலைக்கு மட்டுமான கதை என்று கம்பஸ் பிள்ளைகள் நினைக்கக்கூடாது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல டொலர்ச் சம்பளம் என்று நம்பிப் போன இலங்கைப் பிள்ளைகள், எல்லை ஆற்றுக்கு அந்தப்பக்கம் மியன்மாரின் மியாவடியில், இணைய மோசடி முகாம்களில் அடைபட்டார்கள். 2024-இல் அரசாங்கம் அவர்களைப் பகுதி பகுதியாக மீட்டுக் கொண்டுவந்தது. ஆங்கிலமும் டைப்பிங்கும் தெரிந்தவர்களைத்தான் அந்த முகாம்கள் தேடின. எங்கள் சீவியில் இருக்கிற அதே இரண்டு தகுதி. அடுத்த ஒழுங்கையில் ஒரு தம்பிக்குப் போன மாதம் ‘பாங்கொக், டேட்டா என்ட்ரி’ என்று ஒன்று வந்தது. அவன் எங்களிடம் கொண்டுவந்து காட்டினான். அனுமதி இலக்கம் இரண்டையும் கேட்டு எழுதிக்கொடுத்தோம். அனுப்பி ஐந்து நிமிஷத்தில் மற்றப்பக்கம் அவனை ப்ளொக் பண்ணிவிட்டது. பெடியனுக்குச் சரியான கவலை. பாஸ்போர்ட்டுக்குக்கூடப் படம் எடுத்து வைத்திருந்தான்.

பேலியகொடை நேர்முகம் முடிந்துவிட்டது. அங்கேயும் சம்பளம் அதே 55,000 – 65,000 என்றுதான் சொன்னார்கள், எழுத்தில் வந்ததும் வாயால் சொன்னதும் ஒன்றாக இருந்ததில் ஒரு நிம்மதி. சரளமான சிங்களம் தேவையாம், அதில் அவளுக்குக் கொஞ்சம் தடுமாற்றம். இரண்டு கிழமையில் சொல்லுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் நாலு நாள் இருக்கிறது.

அந்த நாலு கேள்வியும் இப்போது எங்கள் மூன்று பேரின் போனிலும் ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. பக்கத்து வீட்டு நங்கி சிங்களத்தில் கேட்டாள். எழுதியாச்சு, எழுத்துப்பிழை பார்க்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.